பூட்டை எங்கே போடுவது: ஹோஸ்ட் டிஸ்க்கிலா, விஎம்முக்குள்ளா?

ஐப்பசி மழை தொடங்கிய கிழமையில் ஒரு நாள் விடியற்காலை, கிளிநொச்சியில் இருக்கும் ஒரு சிறிய கடன் சங்கத்திலிருந்து போன் வந்தது. அங்கே கணக்குப் பார்க்கும் அக்காதான் கதைத்தார். "தம்பி, இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. இப்ப வந்திட்டுது, ஆனால் சர்வர் கறுப்புத் திரையில பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நிக்குது. என்னத்தை அடிக்க?" அந்தச் சர்வரை அமைத்துக் கொடுத்தது நான். டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்து, பாஸ்வேர்டை என்னிடம் மட்டும் வைத்திருந்தேன். அன்றைக்கு நான் நின்றது மன்னாரில். பஸ் பிடித்து வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை சங்கத்தில் ஒருவருக்கும் பணம் கொடுக்கவோ வாங்கவோ முடியவில்லை.

குறியாக்கம் அன்றைக்குத் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. திறப்பு இல்லாமல் திற என்று கேட்டால் திறக்காது. கரண்ட் போய் வந்தால் யார் திறப்பது என்று யோசிக்காமல் பூட்டைப் போட்டதுதான் பிழை. "டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணியாச்சு, இனிப் பயமில்லை" என்று எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் சொல்லக் கேட்கிறேன். எதிலிருந்து பயமில்லை, பூட்டு எந்த இடத்தில் இருக்கிறது, திறப்பின் பிரதி யாரிடம் என்று கேட்டால் பதில் தடுமாறுகிறது. அதனால் இதை அடியிலிருந்து எழுதுகிறேன்.

## ஒரு வளவு, இரண்டு வீடு

ஒரே வளவுக்குள் இரண்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிவர வேலி, முன்னுக்கு ஒரு படலை. வளவுதான் ஹோஸ்ட், அதாவது கையால் தொடக்கூடிய உண்மையான சர்வர். உள்ளே இருக்கும் வீடுகள் கெஸ்ட், அதாவது அந்தச் சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனித்தனிக் கொம்பியூட்டர்கள். இவற்றை விஎம் என்றும் சொல்வோம். சங்கத்தில் இரண்டு விஎம் இருந்தன. ஒன்றில் விண்டோஸும் கணக்கு மென்பொருளும், மற்றதில் லினக்ஸும் உறுப்பினர் கோப்புகளும்.

கெஸ்ட் தனக்கு ஒரு டிஸ்க் இருப்பதாக நினைக்கிறது. உண்மையில் அது ஹோஸ்ட் டிஸ்க்கில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு. அதைத்தான் விஎம் டிஸ்க் என்கிறோம். கோப்பு என்பதால் அதை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டு போய் வேறெங்காவது திறந்து பார்க்கலாம். வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது, ஆனால் இதை முடியும். வளவு உவமை இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அதை மறந்துவிட்டுத்தான் பலர் பிழை விடுகிறார்கள்.

ஆக, பூட்டுப் போட இரண்டு இடம் இருக்கிறது. படலையில் போட்டால், அதாவது ஹோஸ்ட் டிஸ்க்கைக் குறியாக்கினால், உள்ளே உள்ள எல்லா விஎம்மும் ஒரே பூட்டுக்குள் வரும். வீட்டுக் கதவில் போட்டால், அதாவது விஎம்முக்குள்ளேயே குறியாக்கினால், அந்த ஒரு விஎம் மட்டும் பூட்டப்படும்.

## பூட்டு எப்போது பூட்டாக இருக்கிறது

குறியாக்கம் என்பது டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு துண்டையும் ஒரு இரகசிய எண்ணை வைத்து உருமாற்றி எழுதுவது. அந்த எண் இல்லாதவருக்கு டிஸ்க் வெறும் குப்பை எழுத்தாகத் தெரியும். வாசிக்கும்போது அதே எண்ணால் திரும்பப் பழைய உருவுக்கு வரும். லினக்ஸில் இதற்கு வழமையாகப் பயன்படும் முறைக்கு லக்ஸ் என்று பெயர்.

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இரகசிய எண் நினைவகத்தில், அதாவது ரேமில், இருக்கிறது. இருந்தால்தான் வேலை நடக்கும். அப்படியென்றால் ஓடும் சர்வருக்குள் இணையம் வழியாக ஒருவர் நுழைந்துவிட்டால், அவருக்கும் கோப்புகள் சாதாரணமாகவே தெரியும். வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்டாலும் டிஸ்க் குறியாக்கம் அதைத் தடுக்காது. பகலில் படலை திறந்துதான் கிடக்கும், ஆட்கள் வந்து போக வேண்டுமே.

அப்போது எதற்குத்தான் இது? சர்வரை யாரோ தூக்கிக்கொண்டு போனால், பழுதான டிஸ்க்கை உத்தரவாதத்தில் மாற்றக் கடைக்குக் கொடுத்தால், பழைய டிஸ்க்கை விற்றால். மூன்றிலும் டிஸ்க் அணைந்த நிலையில் வேறொருவர் கைக்குப் போகிறது. பழுதான டிஸ்க்கை அழித்துவிட்டுக் கொடுக்கவும் வழியில்லை, அது வேலை செய்தால்தானே அழிக்க. சங்கத்துக்கு நான் குறியாக்கம் போட்டதே முக்கியமாக அதற்காகத்தான். ஆயிரக்கணக்கான ஆட்களின் அடையாள அட்டை இலக்கமும் கடன் விபரமும் அதில் கிடக்கிறது.

சுருக்கமாக, அணைந்த டிஸ்க்கை இது காக்கும், ஓடும் சர்வரைக் காக்காது.

## பாஸ்வேர்ட் வேறு, திறப்பு வேறு

நாம் அடிக்கும் பாஸ்வேர்டால் டிஸ்க் குறியாக்கம் ஆவதில்லை. எல்லாரும் ஆகிறது என்றுதான் நினைக்கிறார்கள். நடப்பது இது. குறியாக்கத்தைத் தொடங்கும்போது கொம்பியூட்டர் தானாக ஒரு நீளமான இரகசிய எண்ணை உருவாக்குகிறது. டிஸ்க் முழுவதையும் பூட்டுவது அந்த எண்தான். அதை மூலத் திறப்பு என்று சொல்கிறேன். மூலத் திறப்பை ஒரு சிறு பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியை நம்முடைய பாஸ்வேர்டால் பூட்டி, டிஸ்க்கின் தொடக்கத்தில் வைத்துவிடுகிறது. அந்தத் தொடக்கப் பகுதிக்குப் பெயர் தலைப்பகுதி. இப்போது வழக்கில் இருக்கும் லக்ஸ் இரண்டாம் பதிப்பில் இது வழமையாக 16 எம்பி.

இதிலிருந்து நல்லது ஒன்றும் பயங்கரமானது ஒன்றும் வருகிறது. நல்லது: ஒரே மூலத் திறப்பைப் பல பெட்டிகளில், ஒவ்வொன்றுக்கும் வேறு பாஸ்வேர்ட் போட்டு வைக்கலாம். எனக்கொன்று, சங்கத்துக்கொன்று. பாஸ்வேர்டை மாற்றினால் டிஸ்க் முழுவதையும் திரும்ப எழுதத் தேவையில்லை, பெட்டியின் பூட்டு மட்டும் மாறும். பயங்கரமானது: 1 டிபி டிஸ்க்கில் அந்த 16 எம்பி கெட்டுப்போனால், சரியான பாஸ்வேர்ட் கையில் இருந்தும் மிச்சம் முழுவதும் போய்விடும். பாஸ்வேர்டால் திறக்க வேண்டிய பெட்டியே அங்கே இல்லை.

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் காணி உறுதியைத் தொலைத்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ. காணி அதே இடத்தில் கிடந்தது, தங்களுடையதென்று காட்டத்தான் வழியில்லை. தலைப்பகுதி போன டிஸ்க்கும் அப்படித்தான். தரவு ஒரு பிட் குறையாமல் அதிலேயே கிடக்கும். ஆனால் மூலத் திறப்பு இல்லாமல் அதை வாசிக்க எந்தக் கடையாலும் முடியாது, எவ்வளவு காசு கொடுத்தாலும் முடியாது. காணி உறுதிக்காவது பதிவகத்தில் பிரதி தேடலாம், இதற்கு நாமே எடுத்து வைத்த பிரதியைத் தவிர வேறில்லை.

## படலையில் பூட்டு: ஹோஸ்ட் டிஸ்க்

இதன் பெரிய வசதி, கெஸ்டுகளுக்கு ஒன்றும் தெரியவே தேவையில்லை என்பது. விண்டோஸ் விஎம்மில் ஒன்றையும் தொடவில்லை. புதிய விஎம் போட்டால் அதுவும் தானாகப் பூட்டுக்குள் வந்துவிடும். ஒரு பாஸ்வேர்ட், ஒரு தலைப்பகுதி, அவ்வளவுதான்.

சிக்கல் கரண்ட் போய் வரும்போது. எங்கள் யூபிஎஸ் கால் மணித்தியாலம்தான் தாங்கும். கரண்ட் வந்தவுடன் தானாக எழும்பும்படி சர்வரை அமைத்திருந்தேன். அது எழும்பியது, ஆனால் `Please unlock disk` என்ற வரியில் நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தில் ஹோஸ்டின் இயங்குதளமே பூட்டுக்குள் இருப்பதால் தூரத்திலிருந்து நுழையும் வழி எதுவும் இன்னும் தொடங்கியிருக்காது. தொடக்க நிலையிலேயே ஒரு சிறிய எஸ்எஸ்எச் சேவையை, அதாவது வேறொரு கொம்பியூட்டரிலிருந்து நுழைந்து கட்டளை அடிக்க விடும் வழியை, ஓடவிட்டுத் தூரத்திலிருந்து திறக்கும் முறை உண்டு. டெபியன் லினக்ஸில் `dropbear-initramfs` என்ற பொதி அதற்குத்தான். நான் முயன்று பார்த்தேன். அந்த நிலையில் நம் விபிஎன், அதாவது இணையம் வழியாகத் தூரத்திலிருந்து சர்வரோடு இணைக்கும் தனிப் பாதை, ஓடாது என்பதால், அலுவலக வலையமைப்புக்குள் நுழைய ரவுட்டரில் வேறு வழி தேவைப்பட்டது, சங்கத்தின் ரவுட்டரில் அது இல்லை. ரவுட்டரில் விபிஎன் வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல முறை.

நான் கடைசியில் செய்தது வேறு. இயங்குதளத்தைப் பூட்டாமல் விட்டேன். விஎம் டிஸ்க்குகள் கிடக்கும் இரண்டாவது டிஸ்க்கை மட்டும் பூட்டினேன். இப்போது கரண்ட் வந்தால் ஹோஸ்ட் யாரையும் கேட்காமல் எழும்பி விபிஎன்னில் சேர்ந்துவிடும். நான் எங்கிருந்தாலும் எஸ்எஸ்எச்சில் நுழைந்து இதை அடிக்கிறேன்:

```
cryptsetup open /dev/sdb1 vmstore
mount /dev/mapper/vmstore /srv/vm
virsh start kanakku
virsh start koppu
```

இந்த ஏற்பாட்டில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். விஎம்கள் தானாகத் தொடங்குவதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் டிஸ்க் திறக்குமுன் தொடங்கப் பார்த்துப் பிழை தரும். அடுத்தது, டிஸ்க் திறக்காத நிலையில் `/srv/vm` ஒரு வெறும் கோப்புறை. ஒரு இரவு என் காப்புப்பிரதி நிரல் அதற்குள் எழுதத் தொடங்கி, பூட்டில்லாத சின்ன டிஸ்க்கை நிரப்பிவிட்டது. இப்போது நிரலின் முதல் வரி `mountpoint -q /srv/vm || exit 1`. மூன்றாவது, ஸ்வாப். ரேம் போதாதபோது ஹோஸ்ட் ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதி வைக்கும் இடம் அது. கெஸ்டின் ரேமும் அதற்குள் போகலாம், பூட்டில்லாத டிஸ்க்கில் ஸ்வாப் இருந்தால் இரகசியம் அங்கே கசியும். 32 ஜிபி ரேமில் இரண்டு விஎம்முக்கும் சேர்த்து 20தான் கொடுத்திருந்தேன், அதனால் ஸ்வாப்பை எடுத்தே விட்டேன்.

பூட்டில்லாத இயங்குதளத்தை ஒருவர் வந்து மாற்றி வைத்து, நான் அடிக்கும் பாஸ்வேர்டைப் பிடிக்கலாம் என்பது உண்மை. அதற்கு அவர் சர்வரைத் திறந்து, மாற்றி, யாரும் அறியாமல் திரும்ப வைக்க வேண்டும். சங்கத்துக்கு நான் பயப்படுவது அப்படிப்பட்ட ஆளுக்கல்ல, கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு. வேறு இடத்தில் கணக்கு வேறாக இருக்கலாம்.

டிபிஎம் பற்றியும் கேட்பார்கள். அது தாய்ப்பலகையில் இருக்கும் ஒரு சில்லு, திறப்பை வைத்திருந்து சர்வர் எழும்பும்போது தானாகக் கொடுக்கும். கரண்ட் தொல்லைக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் சர்வரை முழுதாகத் தூக்கிக்கொண்டு போனால் திறப்பும் கூடவே போகிறது, கள்ளனின் வீட்டிலும் அது தானாகத்தான் எழும்பும். டிஸ்க்கை மட்டும் கழற்றினால்தான் காக்கும். இடி விழுந்து தாய்ப்பலகை எரிந்தால் சில்லும் போய்விடும், அதனால் வேறு பெட்டியில் ஒரு பாஸ்வேர்ட் கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஹோஸ்டில் பூட்டினால், விஎம்மின் காப்புப்பிரதி பூட்டில்லாமல்தான் வெளியே வருகிறது. ஓடும் சர்வர் டிஸ்க்கைத் திறந்து வாசித்து எடுத்துக் கொடுப்பதுதானே பிரதி. சங்கத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிரதி எடுத்த யூஎஸ்பி டிஸ்க்கை ஒருவர் வீட்டுக்குக் கொண்டு போவார். சர்வரை இவ்வளவு பாடுபட்டுப் பூட்டிவிட்டு, அதே தரவை ஒரு சைக்கிள் கூடையில் திறந்தபடி அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்த யூஎஸ்பி டிஸ்க்குக்கும் தனியாக லக்ஸ் போட்டேன்.

ஆக ஹோஸ்ட் பூட்டு எளிது, எல்லாவற்றையும் மூடும். யார் திறப்பது, பிரதி எங்கே போகிறது என்ற இரண்டையும் தனியாகக் கவனிக்க வேண்டும்.

## வீட்டுக் கதவில் பூட்டு: விஎம்முக்குள்

விஎம்முக்குள் குறியாக்கினால் ஹோஸ்டில் கிடக்கும் கோப்பே பூட்டிய கோப்பு. அதைப் பிரதி எடுத்தாலும் பூட்டியபடிதான் போகும். விஎம்மை வேறொருவருடைய சர்வரில் வாடகைக்கு வைத்திருப்பவருக்கு, அந்தச் சர்வரின் பழைய டிஸ்க் எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியாதபோது, இதுதான் வழி.

ஆனால் ஹோஸ்டை நிர்வகிப்பவரிடமிருந்து இது காக்கும் என்று நம்பக்கூடாது. விஎம்மின் ரேம் ஹோஸ்டின் ரேமில்தான் இருக்கிறது, மூலத் திறப்பு அந்த ரேமில் இருக்கிறது. ஹோஸ்டில் முழு அதிகாரம் உள்ளவர் ஓடும் விஎம்மின் ரேமை ஒரே கட்டளையில் கோப்பாக எடுத்துவிடலாம். ரேமோடு சேர்த்து ஸ்னாப்ஷொட், அதாவது விஎம் அந்த நொடியில் இருக்கும் நிலையின் பிரதி, எடுத்தாலும் இதேதான், பூட்டும் திறப்பும் ஒரே அறையில் வந்துவிடும். சாதாரண கெஸ்ட் குறியாக்கத்தின் எல்லை இது.

அன்றாடத் தொல்லைகளும் உண்டு. ஒவ்வொரு விஎம்மும் எழும்பும்போது தனித்தனியாகப் பாஸ்வேர்ட் கேட்கும். விண்டோஸின் சொந்தக் குறியாக்க முறையான பிட்லாக்கருக்கு, மென்பொருளாலான ஒரு போலி டிபிஎம்மை விஎம்மோடு கொடுக்கலாம், அப்போது கேட்காது. அந்தப் போலிச் சில்லின் நிலை ஹோஸ்டில் தனிக் கோப்பாக, விஎம் டிஸ்க்குக்கு வெளியே இருக்கிறது. டிஸ்க் கோப்பை மட்டும் பிரதி எடுத்து வேறு சர்வரில் ஏற்றினால், பிட்லாக்கர் 48 இலக்க மீட்புத் திறப்பைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அந்த இலக்கங்களை விஎம்முக்குள்ளேயே ஒரு கோப்பில் சேமித்து வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு செலவு இடம். குறியாக்கிய தரவில் திரும்பத் திரும்ப வரும் பகுதி எதுவும் தெரியாது, அதனால் அதைச் சுருக்க முடியாது. லினக்ஸ் விஎம்முக்கு 200 ஜிபி கொடுத்திருந்தேன், உள்ளே தரவு ஏறத்தாழ 40 ஜிபிதான். விஎம் டிஸ்க் கோப்பு எழுத எழுத வளரும் வகை, ஆகவே ஹோஸ்டிலும் அவ்வளவுதான் பிடித்தது, காப்புப்பிரதி சுருங்கி அதன் பாதியளவில் வந்தது. பரீட்சார்த்தமாக உள்ளே முழு டிஸ்க்கையும் குறியாக்கிப் பார்த்தேன். வெற்றிடத்தையும் சேர்த்து எழுதியதால் கோப்பு 200 ஜிபிக்கு வீங்கியது, பிரதியும் சுருங்கவே மறுத்து அதே அளவில் நின்றது. வெள்ளிக்கிழமை மாலை முடியும் வேலை சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. பயன்பட்ட இடத்தை மட்டும் குறியாக்கும் தெரிவு சிலவற்றில் உண்டு, அது வீக்கத்தைக் குறைக்கும். சுருங்காத குணத்தை மாற்றாது.

இங்கும் சுருக்கம்: பூட்டு தரவோடு கூடவே பயணம் செய்யும். அதற்கு விலையாகத் திறப்புகள் கூடும், பிரதிகளின் அளவும் கூடும்.

## வேகம் எங்கே குறைகிறது

"என்கிரிப்ட் பண்ணினால் எல்லாம் இழுபடும்" என்பது பழைய கதை. 2010 அளவிலிருந்து இன்டெல் தன் செயலிகளில் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறைக்கென்றே தனிக் கட்டளைகளைச் சேர்க்கத் தொடங்கியது, பிறகு மற்றவர்களும் சேர்த்தார்கள். இன்றைய சர்வர் எதிலும் இது இருக்கும். டிஸ்க்கைத் தொடாமல், செயலியின் குறியாக்க வேகத்தை மட்டும் அளக்க ஒரு கட்டளை இருக்கிறது:

```
cryptsetup benchmark
```

வரும் அட்டவணையில் `aes-xts` வரியைப் பாருங்கள். எங்கள் ஹோஸ்டில் நொடிக்கு ஏறத்தாழ 2,000 எம்பி வந்தது. அதில் இருந்த சாட்டா எஸ்எஸ்டி அதிகபட்சம் 550 எம்பிதான் தரும். பூட்டுகிறவர் பொருள் கொண்டு வருகிறவரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகம் என்றால் வரிசை எங்கே நிற்கப் போகிறது? சங்கத்தில் ஒருவரும் வித்தியாசம் சொல்லவில்லை. மிக வேகமான என்விஎம்இ டிஸ்க்குகளில், சிறு சிறு துண்டுகளாக ஓயாமல் எழுதும் தரவுத்தளத்தில் குறைவு தெரியும். அங்கே அளந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அதே கட்டளையை லினக்ஸ் விஎம்முக்குள் ஓட்டினேன். 200 எம்பிகூட வரவில்லை. ஒரே செயலி, பத்தில் ஒரு பங்கு வேகம்! அரை நாள் தேடிய பிறகு காரணம் கிடைத்தது. விஎம்முக்கு எந்த மாதிரிச் செயலியைக் காட்டுவது என்று ஹோஸ்ட்தான் தீர்மானிக்கிறது. `kvm64` போன்ற பழைய பொது மாதிரியை விட்டிருந்தால், உள்ளே இருக்கும் ஏஇஎஸ் கட்டளைகளைக் கெஸ்டின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். கெஸ்ட் பாவம், எல்லாவற்றையும் சாதாரணக் கட்டளைகளால் கையால் கூட்டிப் பெருக்குகிறது. விஎம்முக்குள் இதை அடித்தால் தெரிந்துவிடும்:

```
grep -m1 -ow aes /proc/cpuinfo
```

`aes` என்று விடை வந்தால் சரி. ஒன்றும் வராவிட்டால் மறைந்திருக்கிறது. விஎம் அமைப்பில் செயலி வகையை `host-passthrough` என்று மாற்றி, முழுதாக அணைத்து எழுப்பினேன். வேகம் ஹோஸ்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "கெஸ்ட் குறியாக்கம் மெதுவானது" என்று கேள்விப்பட்டவர்களில் எத்தனை பேர் இந்த ஒரு வரியால் அப்படிச் சொல்லியிருப்பார்களோ.

ஹோஸ்டிலும் கெஸ்டிலும் இரண்டு பூட்டும் போட்டால், ஒவ்வொரு துண்டும் இரண்டு முறை உருமாறும். செயலிக்கு இரட்டை வேலை. கெஸ்ட் பூட்டுக்குத் தனிக் காரணம் இருந்தால் ஒழிய நான் அப்படிச் செய்வதில்லை. சங்கத்தில் ஹோஸ்ட் பூட்டு மட்டும்தான்.

## திரும்ப எடுக்கத் தெரியுமா

தலைப்பகுதிக்குப் பிரதி எடுத்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. ஒரு கட்டளை, 16 எம்பி கோப்பு:

```
cryptsetup luksHeaderBackup /dev/sdb1 \
  --header-backup-file sdb1-header.img
```

இந்தக் கோப்பைப் பூட்டிய அதே டிஸ்க்கில் வைத்துப் பயனில்லை. வேறு இரண்டு இடத்தில் வையுங்கள்.

தலைப்பகுதி எப்படிக் கெடும் என்று நினைப்பீர்கள். எங்களுக்கு நடக்கப் பார்த்தது இப்படி. லக்ஸ் போட்ட யூஎஸ்பி டிஸ்க்கை ஒருவர் விண்டோஸ் லப்டொப்பில் குத்தினார். விண்டோஸுக்கு லக்ஸ் விளங்காது, "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபோர்மட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று கேட்டது. அவர் நல்லவேளை எனக்குப் போன் எடுத்தார். ஆம் என்று அழுத்தியிருந்தால் புதிய எழுத்து முதலில் விழுவது டிஸ்க்கின் தொடக்கத்தில்தான், பெட்டிகள் இருக்கும் அதே இடத்தில். இப்போது அந்த டிஸ்க்கின் மேல் "விண்டோஸில் குத்த வேண்டாம், கேட்டால் இல்லை என்று அழுத்தவும்" என்று ஒட்டி வைத்திருக்கிறேன்.

கரண்ட் திடீரென்று போனால் குறியாக்கிய டிஸ்க் கெட்டுவிடும் என்ற பயமும் இருக்கிறது. லக்ஸில் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக உருமாறுவதால், எழுதிக்கொண்டிருந்த துண்டு பாதியில் நிற்கலாம், சாதாரண டிஸ்க்கில் நிற்பது போலவே. மிச்சத்துக்கு ஒன்றும் ஆகாது. தலைப்பகுதியை அன்றாடம் எழுதுவதில்லை, பாஸ்வேர்டை மாற்றும் வேளையில்தான் எழுதுகிறது. அதனால் பாஸ்வேர்ட் மாற்றும் வேலையை இடி மின்னல் இல்லாத பகலில் வையுங்கள்.

அடுத்தது பாஸ்வேர்ட். இரண்டாவது பெட்டிக்கு நீளமான ஒன்றைப் போட்டு, கடதாசியில் எழுதி, உறையில் ஒட்டி, சங்கத்தின் இரும்புப் பெட்டகத்தில் வைத்தோம். தலைவரும் கணக்கு அக்காவும் சேர்ந்துதான் எடுக்கலாம். எழுதும்போது ஒன்று கண்டேன். ஞாபகத்துக்கு இலகுவாக இருக்கட்டும் என்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் போட்டிருந்தேன். அக்காவிடம் வாயால் சொல்லி அடிக்கச் சொன்னால் வாய்க்காலை அவர் `vaaikkaal` என்று அடிக்கிறார், நான் வைத்தது `vaikkal`. ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். அதனால் கடதாசியில் எழுத்து எழுத்தாக, சிறியதா பெரியதா என்று தெளிவாக இருக்க வேண்டும். தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்ட் வைக்க வேண்டாம். சர்வரின் முன்னால் நின்று கறுப்புத் திரையில் அடிக்கும்போது தமிழ்க் கீபோர்ட் இருக்காது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தோம். சர்வர் இல்லை என்று வைத்துக்கொண்டு, யூஎஸ்பி டிஸ்க், உறை, ஒரு பழைய லப்டொப் மூன்றையும் மட்டும் எடுத்தோம். முதல் தடவை திறக்கவில்லை. பாஸ்வேர்ட் சரி, ஆனால் நினைவகம் போதவில்லை என்ற பிழை. பாஸ்வேர்டை ஊகித்துத் திறப்பதைக் கடினமாக்குவதற்காக லக்ஸ் இரண்டாம் பதிப்பு, பெட்டியைத் திறக்கும்போது வேண்டுமென்றே நிறைய ரேமைப் பயன்படுத்துகிறது, 1 ஜிபி வரை போகும். குறியாக்கியது 32 ஜிபி உள்ள சர்வரில், திறக்கப் பார்த்தது 1 ஜிபி லப்டொப்பில். வேறு லப்டொப் எடுத்தோம், திறந்தது. விஎம் ஓடி, கணக்கு மென்பொருளில் கடைசி வெள்ளிக்கிழமையின் கடைசிப் பற்றுச்சீட்டு தெரிய மூன்று மணித்தியாலம் எடுத்தது. அந்த மூன்று மணித்தியாலத்தை உறையின் மேலேயே எழுதிவைத்தோம், அவசர நேரத்தில் எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க.

## ஆள் மாறும்போது

பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய பெட்டியை நீக்க வேண்டும். அது ஒரு நிமிட வேலை. ஆனால் அதற்கு முன் எடுத்த தலைப்பகுதிப் பிரதியில் அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது. மூலத் திறப்பு மாறவில்லை, ஆகவே பழைய பிரதியும் பழைய பாஸ்வேர்டும் கையில் உள்ளவர் இன்றைய டிஸ்க்கையும் திறப்பார். பெட்டியை நீக்கியவுடன் புதிய தலைப்பகுதிப் பிரதி எடுத்து, பழைய பிரதிகள் எல்லாவற்றையும் அழியுங்கள். பிரதி ஒன்று அவரிடமே இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் `cryptsetup reencrypt` என்ற கட்டளையால் மூலத் திறப்பையே மாற்ற வேண்டும். அது டிஸ்க் முழுவதையும் திரும்ப எழுதும் வேலை. எங்கள் 1 டிபிக்கு ஒரு இரவு போதும், ஆனால் முதலில் முழுக் காப்புப்பிரதி எடுத்து, யூபிஎஸ் போதாதென்பதால் ஜெனரேட்டருக்கு எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன்.